ஒரு வரியைத் திருத்தினார், முந்நூறு வரி சிவந்தது

ஆறு பேர் வேலை செய்யும் ஒரு மென்பொருள் குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைகளுக்கு பில் போடும் செயலி அவர்களுடையது. அதில் வரி விகிதம் 12 என்று இருப்பதை 18 என்று மாற்ற வேண்டும். 340 வரிகள் உள்ள ஒரு கோப்பில் ஒரே ஒரு எண்ணைத்தான் தொட வேண்டும். வேலை கிடைத்தவர் கோப்பைத் திறந்து, எண்ணை மாற்றி, சேமித்து, சக ஊழியரின் பார்வைக்கு அனுப்புகிறார். பார்வையிடுபவரின் திரையில் பழைய வரிகள் சிவப்பிலும் புதிய வரிகள் பச்சையிலும் தெரியும். ஒரு சிவப்பு, ஒரு பச்சை இருக்க வேண்டிய இடத்தில் சுமார் முந்நூறு சிவப்பும் முந்நூறு பச்சையும் நிற்கின்றன.

பார்வையிடுபவர் என்ன செய்வார்? முதல் முப்பது வரிகளை ஒழுங்காகப் படிப்பார். எல்லாமே இடைவெளி மாற்றம்தான் என்று தெரிந்ததும் விரல் வேகமாக உருட்டத் தொடங்கும், கடைசியில் ஒப்புதலும் கொடுத்துவிடுவார். 214ஆவது வரியில் `<` என்று இருந்தது கைதவறி `<=` ஆகியிருந்தால் அது அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய்விடும். பில்லில் கடைசிப் பொருளைத் தாண்டியும் கணக்குப் போடப் போகும் செயலி இப்படித்தான் கடைக்குப் போய்ச் சேர்கிறது.

இதற்குப் பிறகுதான் டீம் லீட் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார். "இனி எல்லோரும் ஒரே எடிட்டர் செட்டிங்ஸ் வைத்துக்கொள்வோம், இந்த எக்ஸ்டென்ஷன்களைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பது கடிதத்தின் சாரம். ஐ.டி. அலுவலகங்களில் சாதாரணமாகச் சுற்றிவரும் கடிதம் இது. வெளியாளுக்கு அற்பமாகத் தெரியும். வந்த குழுவில் பாதிப் பேருக்கு எரிச்சலும் வரும், ஏனென்றால் எடிட்டர் என்பது ஒரு நிரல் எழுத்தாளர் நாள் முழுக்கக் கண்ணும் கையும் வைத்திருக்கும் இடம். அதை அடுத்தவர் தொடுவதை யாரும் விரும்புவதில்லை. அப்படியும் சில கடிதங்கள் வேலை செய்கின்றன, பல கடிதங்கள் இன்பாக்ஸிலேயே உறங்கிவிடுகின்றன. எது எதனால் என்பதைப் பார்ப்போம்.

முதலில், அந்த முந்நூறு வரிகள் எப்படி மாறின?

நிரலை எழுதுவதற்கான செயலிதான் எடிட்டர். இன்று பரவலாகப் பயன்படுவது மைக்ரோசாஃப்ட் 2015இல் அறிமுகப்படுத்திய விஷுவல் ஸ்டூடியோ கோட். பேச்சுவழக்கில் வி.எஸ். கோட். இலவசம். வாங்கிய நிலையில் அதற்குத் தெரிந்தது கொஞ்சம்தான், மீதித் திறமையை எக்ஸ்டென்ஷன் என்னும் துணைச் செயலிகளைச் சேர்த்து நாம்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும். அவற்றில் புகழ்பெற்ற ஒன்று பிரிட்டியர். 2017இல் வந்த இந்தக் கருவி, நிரலை வாங்கி, அதன் பொருளை மாற்றாமல், வரி எங்கே உடைய வேண்டும், எத்தனை இடம் உள்ளே தள்ள வேண்டும், ஒற்றை மேற்கோளா இரட்டை மேற்கோளா என்பதையெல்லாம் ஒரே சீராக்கித் திருப்பித் தரும். கோப்பைச் சேமிக்கும்போதே இது தானாக நடக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

நம் குழுவில் இரண்டு பேருமே பிரிட்டியர் வைத்திருந்தார்கள். ஒருவர் அதை வந்தபடியே விட்டிருந்தார், அதாவது இரண்டு இடம் உள்தள்ளல், இரட்டை மேற்கோள். மற்றவர் தன் கணினியில் நான்கு இடம், ஒற்றை மேற்கோள் என்று மாற்றி வைத்திருந்தார். முன்னவர் சேமித்தால் கோப்பு ஒரு வடிவம், பின்னவர் சேமித்தால் வேறு வடிவம். யாரும் தவறு செய்யவில்லை, இருவரின் கருவியும் சொன்னதைச் செய்தது. கோப்பு கைமாறும்போதெல்லாம் உருமாறியது, அவ்வளவுதான். கருவியே இல்லாத குழுவைவிடக் கருவியை ஆளுக்கொரு விதமாக வைத்திருக்கும் குழுவில் இந்தத் தொல்லை அதிகம் என்பது என் கணிப்பு. கையால் யாரும் முந்நூறு வரிகளை உட்கார்ந்து நகர்த்தப்போவதில்லையே.

இரண்டா நான்கா என்ற சண்டை பழையது. லினக்ஸ் கெர்னலின் எழுத்து விதி, டேப் விசையை எட்டு இடமாக வைக்கச் சொல்கிறது. பைத்தான் மொழியின் நடை வழிகாட்டி நான்கு ஸ்பேஸ் என்கிறது. இரண்டுமே நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. எனவே எது சிறந்தது என்று கடிதத்தில் வாதாடுவது வீண். பழைய கோப்புகளில் பெரும்பான்மை எதுவோ அதையே எடுத்துக்கொண்டால் மாற்ற வேண்டியதும் குறையும், வாயாடலும் குறையும்.

சரி, கடிதம் எப்படி இருக்க வேண்டும்? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

*எல்லோருக்கும் வணக்கம்.*

*போன வாரம் வரி விகிதத்தை மாற்றிய கோப்பில் ஒரு வரி மாற்றம் முந்நூறு வரி மாற்றமாக வந்து நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒளிந்திருந்த பிழையை நாம் யாரும் பார்க்கவில்லை, நானும்தான். ஒவ்வொருவரின் கணினியும் கோப்பை ஒவ்வொரு விதமாக அடுக்குவதுதான் காரணம்.*

*நம் திட்டத்தின் கோப்புகளோடு நான்கு சிறு கோப்புகளைச் சேர்த்திருக்கிறேன். நாளை காலை புதிய பிரதியை இறக்கிக்கொண்டு `npm ci` ஓட்டுங்கள். வி.எஸ். கோட் இரண்டு எக்ஸ்டென்ஷன்களைப் போடலாமா என்று கேட்கும், சம்மதியுங்கள். உங்கள் சொந்த செட்டிங்ஸில் எதையும் அழிக்க வேண்டாம். இந்தத் திட்டத்தைத் திறக்கும்போது மட்டும் இந்த விதிகள் செல்லும்.*

*விம் பயன்படுத்துபவர் விம்மிலேயே இருக்கலாம். எழுத்துரு, நிறம், விசைக் குறுக்குவழிகள் எல்லாம் உங்கள் விருப்பம், அவற்றை நான் தொடவில்லை.*

*பழைய கோப்புகள் அனைத்தையும் வெள்ளிக்கிழமை மாலை ஒரே தடவையில் சீராக்குவேன். கையில் முடியும் நிலையில் இருக்கும் வேலைகளை அதற்குள் இணைத்துவிடுங்கள். முடியாதவர்கள் என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்து செய்வோம்.*

*ஏதாவது ஒரு விதி உங்கள் வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால், செட்டிங்ஸை அணைத்துவிடாமல் அந்த விதியையே திருத்தி அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்து எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பேசுவோம்.*

இந்தக் கடிதம் எந்தச் செட்டிங்கையும் பட்டியலிடவில்லை என்பதைக் கவனியுங்கள். "மெனுவைத் திற, இதைத் தேடு, அந்தக் கட்டத்தில் டிக் செய்" என்று பதினைந்து படிகள் எழுதும் கடிதங்கள் உண்டு. அவற்றை இரண்டு பேர் முழுதாகச் செய்வார்கள், இரண்டு பேர் பாதி செய்வார்கள், அடுத்த மாதம் சேருபவருக்குக் கடிதமே போய்ச் சேராது. விதிகள் நிரலோடு சேர்ந்தே பயணப்பட வேண்டும். வி.எஸ். கோட் அதற்கு வழி வைத்திருக்கிறது. திட்டத்தின் கோப்புறைக்குள் `.vscode` என்று ஒரு கோப்புறை இருந்தால், அதில் உள்ள செட்டிங்ஸ் அந்தத் திட்டத்துக்கு மட்டும் உங்கள் சொந்த செட்டிங்ஸுக்கு மேலே நிற்கும்.

நான்கு கோப்புகளில் முதலாவதும் முக்கியமானதும் எடிட்டரைச் சேர்ந்ததே அல்ல. அது பிரிட்டியருக்கானது, பெயர் `.prettierrc`:

```json
{
  "tabWidth": 2,
  "singleQuote": true,
  "endOfLine": "lf"
}
```

இந்த ஒரு கோப்பு இருந்துவிட்டால், தனியாள் தன் எடிட்டரில் பிரிட்டியருக்குச் சொல்லிவைத்த நான்கு இடமும் மேற்கோளும் இந்தத் திட்டத்தில் செல்லாது. சண்டையின் முக்கால் பங்கு இங்கேயே முடிந்துவிடும். இரண்டாவது `.editorconfig`. பிரிட்டியர் தொடாத மற்ற வகைக் கோப்புகளுக்கும் உள்தள்ளல், வரிமுடிவு போன்ற அடிப்படைகளைச் சொல்வது அது. விம் உட்படப் பல எடிட்டர்களுக்கு அதைப் படிக்கத் தெரியும். வி.எஸ். கோட் படிக்க ஒரு எக்ஸ்டென்ஷன் வேண்டும். மற்ற இரண்டும் `.vscode` கோப்புறைக்குள் இருப்பவை. முதலில் `settings.json`:

```json
{
  "editor.formatOnSave": true,
  "[javascript]": {
    "editor.defaultFormatter": "esbenp.prettier-vscode"
  }
}
```

பிறகு `extensions.json`:

```json
{
  "recommendations": [
    "esbenp.prettier-vscode",
    "editorconfig.editorconfig"
  ]
}
```

இந்தக் கடைசிக் கோப்பின் பெயரே சொல்கிறது, இது பரிந்துரை மட்டும்தான். வி.எஸ். கோட் எதையும் தானாக நிறுவாது. திட்டத்தைத் திறந்ததும் மூலையில் ஓர் அறிவிப்பு வரும். அவசரத்தில் அதை மூடிவிடுபவர்கள் எந்தக் குழுவிலும் உண்டு. மூடிவிட்டவர் எக்ஸ்டென்ஷன் தேடும் பெட்டியில் `@recommended` என்று தட்டினால் பட்டியல் மறுபடி கிடைக்கும்.

இனி, "எல்லாம் செய்தேன், எனக்கு மட்டும் வேலை செய்யவில்லை" என்று வரும் குரல்களைப் பற்றி. கடிதம் போன மறுநாள் இந்தக் குரல் கட்டாயம் வரும்.

அதில் ஒரு காரணம் மேலே உள்ள `settings.json` கோப்பிலேயே தெரிகிறது. எந்தக் கருவி கோப்பைச் சீராக்க வேண்டும் என்ற வரியை ஏன் `[javascript]` என்ற அடைப்புக்குள் போட்டிருக்கிறேன்? பொதுவாகவே சொல்லியிருக்கலாமே? திட்டத்தின் செட்டிங் தனியாள் செட்டிங்கை மீறும் என்றோம். அதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒரு மொழிக்கென்று குறித்துச் சொன்னது, பொதுவாகச் சொன்னதை எப்போதும் மீறும், அது தனியாள் செட்டிங்கில் இருந்தாலும் சரி. நம் சக ஊழியர் எப்போதோ தன் கணினியில் "ஜாவாஸ்கிரிப்டுக்கு மட்டும் இந்த வேறு கருவி" என்று வைத்திருந்தால், திட்டத்தில் பொதுவாக எழுதிய வரி அவரிடம் தோற்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. சேமித்தால் கோப்பு வேறு மாதிரி அடுக்கப்படும், அவ்வளவுதான். அந்த அடைப்பைத் திட்டத்திலும் போட்டுவிட்டால் மொழிக்கு மொழி சமமாகி, திட்டத்தின் சொல் நிற்கும்.

இன்னொரு காரணம் பதிப்பு. பிரிட்டியர் எக்ஸ்டென்ஷன் முதலில் திட்டத்துக்குள் நிறுவப்பட்ட பிரிட்டியரைத் தேடும். கிடைக்காவிட்டால் தன்னோடு கட்டிவந்த பிரதியைப் பயன்படுத்தும். கடிதத்தில் `npm ci` ஓட்டச் சொன்னது இதற்காகத்தான். ஓட்டாதவரிடம் வேறு பதிப்பு வேலை செய்யும். இந்தக் கோப்புறையை எழுதியவர்களை நம்புகிறீர்களா என்று வி.எஸ். கோட் கேட்கும்போது இல்லை என்று சொன்னவரிடமும் அப்படித்தான். பதிப்பு மாறினால் என்ன ஆகும்? 2023இல் வந்த மூன்றாம் பதிப்பு, பல வரிகளில் நீளும் அழைப்புகளில் கடைசி உருப்படிக்குப் பின்னும் ஒரு காற்புள்ளி வைப்பதை இயல்பு வழக்கமாக்கியது. இரண்டாம் பதிப்பு வைத்திருப்பவர் சேமித்தால் அந்தக் காற்புள்ளிகள் போகும், மூன்றாம் பதிப்புக்காரர் சேமித்தால் வரும். பழைய கதைதான். ஆகவே பதிப்பு எண்ணையும் இறுக்கிக் கட்ட வேண்டும்:

```
npm install --save-dev --save-exact prettier
```

டீம் லீட் இதை ஒரு முறை ஓட்டினால் போதும். "இந்தப் பதிப்பு, இதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை" என்று திட்டத்தின் பதிவேட்டில் ஏறிவிடும்.

கண்ணுக்கே தெரியாத தொல்லை ஒன்று உண்டு, அது வரிமுடிவு. தட்டச்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளினால் உருளை பழைய இடத்துக்கு ஓடிவரும், தாளும் ஒரு வரி மேலே ஏறும். ஓடிவருவது ஒன்று, ஏறுவது ஒன்று. பழைய டெலிடைப் இயந்திரங்களில் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடுகள் இருந்தன. விண்டோஸ் உலகம் இரண்டையும் சேர்த்து வரிமுடிவாக வைத்துக்கொண்டது, வி.எஸ். கோட்டின் கீழ்ப்பட்டையில் அது `CRLF` என்று தெரியும். லினக்ஸும் மேக்கும் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள்கின்றன, அது `LF`. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் விண்டோஸ் முடிவோடு போன ஒரு ஷெல் நிரலை லினக்ஸ் சர்வரில் ஓட்டினால், `/bin/bash^M: bad interpreter` என்று வந்து நின்றுவிடலாம். அந்த `^M` தான் ஒட்டிக்கொண்டு வந்த கூடுதல் குறி. கோப்பு முழுவதும் மாறியதாகத் தெரிந்தால், காரணம் வரிமுடிவுதானா என்று பார்க்க எளிய வழி உண்டு:

```
git diff --ignore-space-at-eol
```

முந்நூறு வரிகள் ஒன்றாகச் சுருங்கினால் குற்றவாளி அதுதான். இதற்கு எடிட்டர் செட்டிங்கை மட்டும் நம்பக் கூடாது. வி.எஸ். கோட்டில் `files.eol` என்ற செட்டிங் புதிதாகப் பிறக்கும் கோப்புகளுக்குத்தான் பொருந்தும், இருக்கும் கோப்புகளை அது மாற்றாது. நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவியிடமே சொல்லிவிடுவது நல்லது. `.gitattributes` என்ற கோப்பில் `* text=auto eol=lf` என்று ஒரு வரி போதும்.

வரியின் கடைசியில் தொங்கும் வெற்று இடங்களை வெட்டும் விதியையும் பலர் ஆசையாகச் சேர்ப்பார்கள். நல்ல விதிதான், ஆனால் மார்க்டவுன் கோப்புகளை விட்டுவிடுங்கள். அங்கே வரிக் கடைசியில் இரண்டு ஸ்பேஸ் வைத்தால் 'இங்கே வரியை உடை' என்று பொருள். வெட்டினால் ஆவணத்தில் தனித்தனி வரியாக நின்ற முகவரி ஒரே வரியாக ஓடிப்போகும்.

வெள்ளிக்கிழமை மாலை வேலைக்கு வருவோம். பழைய கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சீராக்குவது எதற்கு, தொடும்போது தொடும்போது மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றிக்கொண்டே போனால் அடுத்த ஆறு மாதம் ஒவ்வொரு சிறு திருத்தத்தோடும் ஒரு முந்நூறு வரி வந்து ஒட்டிக்கொள்ளும், கடிதம் எந்த நோய்க்கு மருந்தோ அதே நோய். சீராக்கல் தனியாக, வேறு எந்த மாற்றமும் கலக்காமல் ஒரே பதிவாகப் போக வேண்டும். அதில் ஒரு நட்டம் உண்டு. இந்த வரியை யார், எப்போது, எதற்காக எழுதினார் என்று கிட்டிடம் கேட்டால் அது சொல்லும். பிழை தேடுபவருக்கு இது பெரிய துணை. சீராக்கிய பிறகு கேட்டால், பாதி வரிகளுக்கு வெள்ளிக்கிழமை மாலை டீம் லீட் எழுதினார் என்ற பதில்தான் வரும். 2019இல் வந்த கிட் 2.23 பதிப்பு இதற்கு வழி செய்தது. சீராக்கிய பதிவின் அடையாள எண்ணை `.git-blame-ignore-revs` என்ற கோப்பில் எழுதிவைத்து, ஒவ்வொருவரும் ஒரு முறை இதை ஓட்டினால், கிட் அந்தப் பதிவைத் தாண்டி அதற்கு முந்தைய உண்மையான ஆசிரியரைக் காட்டும்:

```
git config blame.ignoreRevsFile .git-blame-ignore-revs
```

இந்தப் படியை விட்டுவிட்ட குழுக்கள் பல. சீராக்கல் வேண்டாம் என்று மூத்தவர்கள் எதிர்ப்பதற்கு இதுதான் நியாயமான காரணம், அவர்கள் முணுமுணுப்பைப் பழக்கதோஷம் என்று தள்ளிவிடக் கூடாது.

எக்ஸ்டென்ஷன் பட்டியல் ஏன் இரண்டோடு நின்றது? நல்ல கடிதங்களும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். டீம் லீட் தனக்குப் பிடித்த பன்னிரண்டை அடுக்கிவிடுவார், ஐகான்களை அழகாக்குவது, அடைப்புக்குறிக்கு வண்ணம் பூசுவது எல்லாம் உட்பட. எக்ஸ்டென்ஷன் என்பது உங்கள் கணினியில் உங்கள் உரிமையோடு ஓடும் அடுத்தவர் நிரல். நீங்கள் படிக்கக்கூடிய கோப்பை அதுவும் படிக்கும், இணையத்துக்கும் போகும். 2023இல் ஆக்வா என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டியரின் பெயரையும் படத்தையும் ஒத்த ஒரு போலி எக்ஸ்டென்ஷனைச் சோதனைக்காகக் கடையில் ஏற்றிப் பார்த்தார்கள். விரைவிலேயே பலர் அதை நிறுவிவிட்டார்கள். பரிந்துரைக் கோப்பில் வெளியிடுபவர் பெயரோடு முழு அடையாளத்தைக் கொடுப்பதில் இந்தப் பாதுகாப்பும் இருக்கிறது. பெயரைத் தேடித் தடுமாறிப் போலியைப் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு குறைகிறது. அந்த அடையாளத்தைக் கடிதம் எழுதுபவர் ஓர் எழுத்து விடாமல் சரிபார்ப்பது அவசியம்.

கடைசியாக, கடிதத்தில் எழுதாத ஒன்று. செட்டிங்ஸை எத்தனை பேர் ஏற்றார்கள் என்று டீம் லீட் மேசை மேசையாகப் போய்ப் பார்க்க முடியாது. பார்க்கவும் வேண்டாம். நிரலை இணைக்கும் முன் சர்வரில் தானாக ஓடும் சோதனைகளோடு `npx prettier --check .` என்ற கட்டளையையும் சேர்த்துவிட்டால், வடிவம் மாறிய கோப்பு எந்த எடிட்டரிலிருந்து வந்தாலும் அங்கே நின்றுவிடும். விம்காரரும் வி.எஸ். கோட்காரரும் அங்கே சமம். இதைக் கடிதம் அனுப்பும் நாளிலேயே சேர்க்காமல், வெள்ளிக்கிழமை சீராக்கல் முடிந்த பிறகு சேருங்கள். முன்பே சேர்த்தால் பழைய கோப்புகளால் எல்லோருடைய வேலையும் தடைபடும், பழி முழுவதும் கடிதத்தின் மேல் விழும்.

நீங்கள் இப்படி ஒரு கடிதம் எழுதப் போகிறவர் என்றால், அனுப்பும் முன் அதில் உள்ள ஒவ்வொரு செட்டிங்கையும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது சேமிக்கப்படும் கோப்பை மாற்றுகிறதா, அல்லது திரையில் தெரிவதை மட்டும் மாற்றுகிறதா? திரையை மட்டும் மாற்றுவதை நீக்கிவிடுங்கள். பெரும்பாலான கடிதங்கள் அப்போது பாதியாகச் சுருங்கும், சுருங்கியதைத்தான் குழு ஏற்கும்.